தேர்வுக்கு முந்தைய இரவு

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ வேதியியல் பொதுத்தேர்வுக்கு முதல் நாள் இரவு இரண்டு மணி வரை விழித்துப் படித்துவிட்டு ஏழு மணிக்கு எழலாம் என்றிருக்கிறேன். பத்து மணிக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுந்து படித்தால்தான் மனதில் நிற்கும் என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி?

– ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

அம்மா சொல்வதே மேல். ஆனால், விடியற்காலைக்கென்று தனிச் சக்தி எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பகலில் படித்தவை மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் துணையோடு முதலில் பதிந்து, நாம் உறங்கும்போது மீண்டும் மீண்டும் உயிர்பெற்று, மெல்ல நிலைபெறுகின்றன. 1924-ஆம் ஆண்டிலேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தவர்கள் விழித்திருந்த நேரத்தைவிட உறங்கிய நேரத்தில் குறைவாகவே மறந்தார்கள் என்று காட்டினார்கள். ஆகவே, படித்ததற்குப் பிறகு போதிய உறக்கம் கிடைக்கிறதா என்பதே முதல் கேள்வி.

நள்ளிரவுக்கு மேல் படிப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. களைத்த மூளையில் புதிய பாடம் சரியாகப் பதிவதில்லை. ஆனால் வரிகள் பழகியவையாகத் தோன்றுவதால், படித்துவிட்டோம் என்ற எண்ணம் மட்டும் வந்துவிடும். ஆல்டால் குறுக்கத்தையும் கன்னிசரோ வினையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்ஃபா ஹைட்ரஜன் உள்ள அசிட்டால்டிஹைடு நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடுடன் ஆல்டாலைத் தரும். அது இல்லாத பென்சால்டிஹைடு செறிந்த காரத்துடன் கன்னிசரோ வினைக்கு உட்படும். புத்தகம் திறந்திருக்கும்வரை இரண்டும் தெளிவாகவே இருக்கும். மூடிவிட்டு எழுதும்போது எதற்கு எந்தக் காரம் என்று தடுமாறினாலோ, ஒரே வரியை இரண்டாம் முறை வாசிப்பதை உணர்ந்தாலோ, படுக்கப் போகும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

அம்மாவின் திட்டத்தில் ஒரு திருத்தம் தேவை. உங்கள் வயதில் உடலின் கடிகாரம் சற்றுப் பின்தங்கியே ஓடுவதால், பத்து மணிக்குப் படுத்தாலும் பதினொன்றரை வரை தூக்கம் வராமல் போகலாம். அப்படியானால் நான்கு மணிக்கு எழுவது நாலரை மணி நேர உறக்கத்தோடு முடிந்துவிடும். புதிய பாடங்களை ஒன்பது மணியோடு நிறுத்தி, பத்தரைக்குப் படுத்து, ஐந்தரைக்கு எழுங்கள். மாலைக்குப் பிறகு காபி வேண்டாம். குடித்த காஃபினில் ஏறக்குறையப் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். இரவு இரண்டு வரை விழித்து நான்குக்கு மறுபடி எழுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

எழுந்த முதல் அரை மணி நேரம் மூளை மந்தமாகவே இருக்கும். முகம் கழுவி, கொஞ்சம் நடந்துவிட்டு உட்காருங்கள். அதன்பின் புத்தகத்தைத் திறக்காமல், பெயர் வினைகளை வெற்றுத்தாளில் சமன்பாட்டோடு எழுதிப் பாருங்கள். தடுமாறியவற்றை மட்டும் புத்தகத்தில் சரிபார்த்து மறுபடி எழுதுங்கள். அதுவரை தொடாத பாடம் ஏதேனும் இருந்தால், அன்று காலை அதைத் தொடங்க வேண்டாம்.