டர்பனில் கடைக் கல்லாவிலேயே டெபிட் கார்டு போட்டுப் பணம் எடுப்பது எப்படி?

"சாட்ஸ்வொர்த்துக்குப் புதிதாக வந்திருக்கிறேன். ஏடிஎம் போகாமல் சூப்பர்மார்க்கெட் கல்லாவிலேயே பணம் எடுக்கலாம் என்கிறார்கள். எவ்வளவு எடுக்கலாம், என்ன கட்டணம்?"

எடுக்கலாம். நான் ஏடிஎம் பக்கம் போயே பல மாதம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை 186 ரேண்டுக்கு மளிகை வாங்கினேன், கையில் 900 ரேண்ட் தேவைப்பட்டது. கல்லாவில் இருந்த பெண் மொத்தக் கணக்கைப் போடும் முன்பே "கேஷ் 900 வேணும்" என்று சொல்லிவிட்டேன். கார்டு போட்ட பிறகு சொன்னால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும், வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள். மெஷினில் 1,086 வந்தது. கார்டைச் செருகி, சேவிங்ஸ் என்று தேர்ந்தெடுத்து, பின் எண் போட்டேன். ரசீதில் பொருளும் பணமும் தனித்தனி வரியாக இருந்தன.

கட்டணம் வங்கிக்கு வங்கி வேறு, ஆண்டுதோறும் மாறும், அதனால் உங்கள் வங்கியின் கட்டணப் பட்டியலைப் பாருங்கள். கணக்குப் போடும் விதம்தான் முக்கியம். என் வங்கியில் ஏடிஎம்மில் ஒவ்வொரு 1,000 ரேண்டுக்கும் கட்டணம் ஏறும். கல்லாவில் ஒரு தடவைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை, சுமார் 2 ரேண்ட். ஆகவே 200, 200 ஆக ஐந்து தடவை எடுத்தால் 10 ரேண்ட் போய்விடும். மொத்தமாக எடுங்கள்.

வரம்பு மூன்று இடத்தில் இடிக்கும். கடை தனக்கென்று ஒரு உச்சம் வைத்திருக்கும். உங்கள் கார்டுக்கு ஒரு நாள் வரம்பு இருக்கும், அதை வங்கிச் செயலியில் நீங்களே கூட்டிக்கொள்ளலாம். இந்த இரண்டும் சரியாக இருந்தாலும் கல்லாவில் நோட்டு இருக்க வேண்டுமே! காலையில் கடை திறந்ததும் போய் 1,500 கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். மாலையில் போங்கள். கடைக்காரருக்கும் அது லாபம்தான்: கல்லாவில் சேர்ந்த ரொக்கத்தை வங்கிக்கு எடுத்துப் போகும் செலவும் கொள்ளைப் பயமும் குறைகிறது. மாத ஆரம்பத்தில் உதவித்தொகை வரும் நாட்களில் மட்டும் வரிசையும் நீளம், நோட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஒரே ஒரு தடவைதான் மாட்டிக்கொண்டேன். மெஷின் "டிக்ளைண்ட்" என்றது, ஆனால் என் போனில் 700 ரேண்ட் கழிந்ததாகச் செய்தி வந்தது. காசாளர் "மறுபடி போடுங்க ஆண்ட்டி" என்றாள். நான் போடவில்லை. செய்தி வந்தபின் மறுபடி போட்டால் இரண்டு தடவை கழியலாம். மெஷின் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போன் செய்தேன், மூன்று வேலை நாளில் பணம் திரும்பியது. அந்தச் சீட்டு வெயிலில் மங்கிவிடும், போனில் உடனே படம் எடுத்து வையுங்கள்.