கடலை ஏன் வலப்பக்கமே போகிறது? நுரையீரல் கேள்வி-பதில்

இதயம் இடப்பக்கம் இருப்பதால்தான் விழுங்கும்போது தவறிய பொருள் வலது நுரையீரலுக்குப் போகிறது என்கிறார்களே, சரியா?

பாதி சரி. வலப்பக்கம் போவது உண்மை, ஆனால் முக்கியக் காரணம் மூச்சுக்கிளைகளின் அமைப்பு. மூச்சுக்குழாய் மார்பெலும்புக் கோணத்தின் மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. அங்கிருந்து வலது கிளை ஏறக்குறைய நேராகக் கீழே இறங்குகிறது. நடுக்கோட்டிலிருந்து அதன் சாய்வு 25 பாகை அளவே. நீளம் சுமார் 2.5 செ.மீ., வாயும் அகலம். இடது கிளையோ பெருந்தமனியின் வளைவுக்கு அடியில் நுழைந்து, உணவுக்குழாயை முன்பக்கமாகக் கடந்துதான் தன் நுரையீரலை அடைய வேண்டும். அதனால் அது சுமார் 5 செ.மீ. நீண்டு, 45 பாகை அளவுக்குச் சாய்ந்து, ஒடுங்கியும் இருக்கிறது.

பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. இரு கிளைகளுக்கும் நடுவில் நிற்கும் வரம்பு (கரைனா) சரியாக நடுவில் இல்லை, சற்று இடப்பக்கம் தள்ளியிருக்கிறது. நேராக விழும் பொருள் அதற்கு வலப்புறமே இறங்கும். வலது நுரையீரல் பெரியது என்பதால் ஒவ்வொரு மூச்சிலும் கூடுதல் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்றோட்டமும் பொருளைக் கூடவே கொண்டுபோகிறது.

1897-ல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்டாவ் கிலியன் முதன்முறையாகக் குழாய் செலுத்தி ஒரு விவசாயியின் மூச்சுக்கிளையிலிருந்து பன்றி எலும்புத் துண்டை எடுத்தார். அதுவும் வலது கிளையில்தான் சிக்கியிருந்தது.

அப்படியானால் இடப்பக்கம் போகவே போகாதா?

போகும். முக்கியமாகச் சிறு குழந்தைகளுக்கு. அவர்களிடம் இரு கிளைகளின் சாய்வு வித்தியாசம் பெரியவர்களிடம் இருப்பதுபோல் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. வலப்பக்கம் மட்டும் ஸ்டெதஸ்கோப் வைத்துவிட்டு நிம்மதியடைவது தவறு.

என் இரண்டு வயதுக் குழந்தை வேர்க்கடலை சாப்பிடும்போது புரையேறி, கண் பிதுங்க இருமினான். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை என்கிறார்கள். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இருமல் நின்றது கடலை வெளியே வந்ததால் என்று சொல்ல முடியாது. குரல்வளையைத் தாண்டும்போது இருமல் பீறிடும். கிளைக்குள் போய் அமர்ந்தபின் அந்தத் தூண்டுதல் மழுங்கிவிடும். இந்த அமைதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. உலோகம், கல் போன்றவைதான் பளிச்சென்று தெரியும். கடலையைக் காட்டிக்கொடுப்பது சிக்கிய காற்று. மூச்சை இழுக்கையில் கிளை சற்று விரிவதால் கடலையின் ஓரமாகக் காற்று உள்ளே போகும். விடுகையில் கிளை சுருங்கிக் கடலையைக் கவ்விக்கொள்ளும், காற்று வெளியேறாது. ஆகவே மூச்சை இழுத்த நிலையில் எடுத்த படம் சாதாரணமாகவே இருக்கலாம். மூச்சை விட்ட நிலையில் எடுத்தால், அடைபட்ட நுரையீரல் சுருங்காமல் கருத்துப் பெருத்து நிற்கும். இதயம் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டிருக்கும். சொன்னபடி மூச்சை விட இரண்டு வயதுக் குழந்தைக்குத் தெரியாது. அதனால் பக்கவாட்டில் படுக்கவைத்து எடுப்பார்கள். அடியில் இருக்கும் நுரையீரல் இயல்பாகச் சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் சந்தேகம் வலுக்கும்.

நாள் கடந்தால் கடலை ஈரத்தில் ஊறிப் பருக்கும், அதன் எண்ணெய் உட்சவ்வை எரிச்சலூட்டும். சவ்வு வீங்கிப் பாதை முழுதும் அடைபட்டால் நுரையீரல் காற்றிழந்து சுருங்கும். இப்போது இதயம் அதே பக்கம் இழுபடும். திரும்பத் திரும்ப நுரையீரலின் ஒரே இடத்தில் நிமோனியா வருவதற்கு இப்படி மறந்துபோன ஒரு கடலை காரணமாக இருப்பதுண்டு. புரையேறிய சம்பவத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். எல்லாப் படமும் சரியாக இருந்தாலும், அந்த ஒரு தகவலுக்காகவே மூச்சுக்கிளைக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி செய்வது நியாயம்.

மூச்சுக்கிளையும் இரத்தக்குழாய்களும் நுரையீரலுக்குள் நுழையும் வேரில் எது மேலே, எது கீழே என்பது தேர்வில் குழம்புகிறது.

முன்னிருந்து பின்னாகப் பார்த்தால் இருபக்கமும் ஒன்றே: சிரை, தமனி, மூச்சுக்கிளை. குழப்பம் மேலிருந்து கீழாகப் பார்க்கும்போதுதான். இடப்பக்கம் நுரையீரல் தமனி மூச்சுக்கிளையின் மேல் வளைந்து ஏறுகிறது. எனவே தமனி உச்சியில். வலப்பக்கம் தமனி கிளைக்கு முன்னால் செல்கிறது. அதோடு, வலது கிளை நுரையீரலுக்குள் நுழையும் முன்பே மேல்மடலுக்கான குழாயைப் பிரித்துவிடுவதால் அந்தக் குழாய் தமனிக்கும் மேலே நிற்கிறது. வலது கிளை குட்டையாக இருப்பதும் இதனால்தான். கையில் கொடுத்த நுரையீரலில் குருத்தெலும்பு வளையமுள்ள வாய் இரண்டு தெரிந்தால் வலது. கீழ்ச்சிரை இருபக்கமும் அடியில்.

செயற்கை சுவாசக் குழாய் போட்டபின் இடது மார்பில் மூச்சொலி கேட்கவில்லை என்றால்?

முதலில் குழாய் ஆழமாகப் போய் வலது கிளைக்குள் நுழைந்ததா என்று பாருங்கள். பல்லருகே உள்ள செ.மீ. குறியைப் படியுங்கள், பெரியவர்களுக்கு 21 முதல் 23 வழக்கம். குழாயைச் சுற்றியுள்ள பலூனின் காற்றை இறக்கி, மெல்லப் பின்னிழுத்து, இருபக்கமும் ஒலி கேட்டதும் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். கவனிக்காமல் விட்டால் இடது நுரையீரல் சுருங்குவதோடு, வலது மேல்மடலும் சுருங்கக்கூடும். அதன் வாய் அவ்வளவு மேலே இருப்பதால் குழாயே அதை மூடிவிடும்.

பொருள் எப்போதும் கீழ்மடலுக்கே போகுமா?

நின்றோ உட்கார்ந்தோ இருக்கும்போது பெரும்பாலும் கீழ்மடலின் அடிப்பகுதிக்கு. மல்லாந்து படுத்திருப்பவருக்கு வாந்தி உள்ளே போனால், கீழ்மடலின் மேற்பகுதிக்கு. அதன் குழாய் முதுகுப்பக்கம் திறப்பதால், படுக்கையில் அதுவே பள்ளம். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தால் மேல்மடலின் பின்பகுதிக்குப் போகலாம்.