பக்கோடா வெளியே சிவக்குது, உள்ளே வேகலை

கேள்வி: வெங்காய பக்கோடா போட்டால் மேலே சீக்கிரம் சிவந்துவிடுகிறது, பிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சை மாவு. தீயைக் குறைத்தால் எண்ணெயைக் குடித்து சவசவ என்று ஆகிறது. வெங்காயத்தோடு கடலை மாவு, உப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் ஒன்றாகப் போட்டு, தண்ணீர் விட்டுக் கலந்துதான் போடுகிறேன். கொஞ்ச நேரத்தில் நீர்த்துப் போகும், மறுபடி மாவு சேர்ப்பேன். பஜ்ஜியும் சில நாள் இப்படித்தான் ஆகிறது. எங்கே தப்பு?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: எண்ணெய்க்கு வருவதற்கு முன்னாலேயே, மாவு கலக்கும்போதே இது ஆரம்பித்துவிடுகிறது. அதனால் முதலில் அங்கிருந்து வருகிறேன்.

வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். உப்பு பட்டதும் அந்தத் தண்ணீர் வெளியே வர ஆரம்பிக்கும், ஆனால் உடனே வராது, பத்து நிமிடமாவது ஆகும். நீங்கள் மாவு கலக்கும் நேரத்தில் அது இன்னும் வெங்காயத்துக்குள்ளேயே இருக்கிறது, மாவு வறண்டு தெரிகிறது, அதனால் தண்ணீர் விடுகிறீர்கள். எண்ணெய் காய்வதற்குள் வெங்காயமும் தன் பங்குக்குத் தண்ணீரை விட, மாவு தளர்ந்துவிடுகிறது. அதைச் சரிக்கட்ட இன்னும் ஒரு கை மாவு. இப்படி இரண்டு தடவை ஆனால், வெங்காயத்தில் மாவு ஒட்டியிருக்க வேண்டியது போய், மாவுக்குள் வெங்காயம் புதைந்து கிடக்கும். அதைக் கிள்ளிப் போட்டால் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு மாவு உருண்டைதான் எண்ணெயில் விழும். அதன் நடுவுக்குச் சூடு போய்ச் சேருவதற்குள் மேல் பக்கம் சிவந்துவிடும். அதை எந்தத் தீயில் போட்டாலும் ஒழுங்காக வராது.

அடுத்த தடவை வரிசையை மாற்றிப் பாருங்கள். நடுத்தர வெங்காயம் மூன்று, முந்நூறு கிராம் வரும். நீளவாக்கில், தோசைக் கனத்துக்கு மெல்லிசாக நறுக்கி, இதழ் இதழாக உதிர்த்துவிடுங்கள். இந்த உதிர்ப்பதை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள், ஒட்டிக்கொண்டிருக்கும் வெங்காயத்துக்கு நடுவில் மாவு போகாது, அந்த இடம் வேகாமல் ஈரமாகவே நிற்கும். முக்கால் டீஸ்பூன் உப்பு, கீறின பச்சை மிளகாய் இரண்டு, பொடியாக நறுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, ஒரு டீஸ்பூன் சோம்பு சேர்த்து, கையால் நன்றாக அழுத்திப் பிசறி, பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே வைத்துவிடுங்கள். திரும்பி வரும்போது வெங்காயம் துவண்டு, பாத்திரத்தின் அடியில் நீர் தேங்கியிருக்கும். அதைக் கொட்ட வேண்டாம், மாவை நனைக்கப் போவது அதுதான்.

இப்போது ஒரு கப் கடலை மாவு, கால் கப் அரிசி மாவு, அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள் மூன்றையும் தனியாகக் கலந்து, இரண்டு டேபிள்ஸ்பூன் காய்ந்த எண்ணெயை அதன்மேல் ஊற்றி, கரண்டியால் கிளறிவிட்டு, ஆறியதும் விரலால் தேய்த்துவிடுங்கள். காய்ந்த எண்ணெய் மாவுத் துகள் மேலே படிந்துகொள்வதால் அது தண்ணீரை அவ்வளவாக இழுக்காது, வெந்தபின் கடித்தால் உடைகிற மாதிரி வரும். சிலர் டால்டா போடுவதும் இதற்காகத்தான். ஆனால் இரண்டு ஸ்பூனைத் தாண்டாதீர்கள், கொழுப்பு கூடினால் பக்கோடா எண்ணெயில் உதிர்ந்து கரையும், எண்ணெய் நுரைத்துப் பொங்கும். அரிசி மாவையும் கால் கப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். மொறுமொறுப்பு அதனால்தான் வருகிறது என்று அரை கப் போட்டால், மொறுமொறுப்புக்குப் பதில் கடக்கென்று கல் மாதிரி ஆகும்.

இந்த மாவை வெங்காயத்தின் மேல் இரண்டு மூன்று தடவையாகத் தூவிப் பிசறுங்கள், பிசைய வேண்டாம். வெங்காயம் விட்ட நீரிலேயே முக்கால்வாசி மாவு ஒட்டிவிடும். அடியில் உலர்ந்த மாவு மிச்சமிருந்தால் மட்டும் கையை நனைத்துத் தெளியுங்கள், மொத்தமாகவே இரண்டு டேபிள்ஸ்பூனுக்கு மேல் தேவைப்படாது. அறுவடை ஆகி உடனே வருகிற புது வெங்காயமாக இருந்தால் அதில் நீர் அதிகம், தெளிக்கவே வேண்டியிருக்காது. பதம் எப்படித் தெரியும் என்றால், பார்த்தவுடன் வெங்காயம்தான் கண்ணில் பட வேண்டும், மாவு அதன்மேல் பூசின மாதிரி இருக்க வேண்டும். கைப்பிடியில் அழுத்தினால் சேர்ந்து, விரலால் தள்ளினால் பிரிய வேண்டும். கையிலிருந்து வழுக்கி விழுந்தால் நீர்த்துவிட்டது என்று அர்த்தம். அப்படி ஆகிவிட்டால் மாவைக் கொட்டாதீர்கள், இன்னொரு வெங்காயத்தை நறுக்கிச் சேருங்கள், கூட ஒரு ஸ்பூன் அரிசி மாவு போதும். கலந்து முடித்ததும் அடுப்புக்குப் போய்விட வேண்டும், அரை மணி நேரம் வைத்தால் மறுபடியும் நீர் விடும்.

சோடா மாவு இதற்கு வேண்டவே வேண்டாம். மெது பக்கோடா என்று பஞ்சு மாதிரி உருண்டையாகப் போடுவார்களே, அதற்குத்தான் அது. இந்த உதிரிப் பக்கோடாவில் போட்டால் மாவில் ஓட்டை ஓட்டையாக விழுந்து எண்ணெய் ஏறும், மேலும் நிறம் சீக்கிரம் ஏறிவிடும், உங்கள் தொந்தரவே அதுதானே.

சரி, எண்ணெய்க்கு வருவோம். கனமான இரும்பு வாணலியில் இரண்டு அங்குல ஆழத்துக்கு எண்ணெய் வேண்டும். கொஞ்சமாக ஊற்றினால் மாவு விழுந்தவுடன் சூடு படீரென்று இறங்கிவிடும், உள்ளே வேகாததற்கும் எண்ணெய் குடிப்பதற்கும் அதுவும் ஒரு காரணம். சூடு பார்க்க மிளகளவு மாவைக் கிள்ளிப் போடுங்கள். அடியில் போய் உட்கார்ந்து சோம்பேறியாக இரண்டு குமிழ் விட்டால் காயவில்லை. விழுந்த நொடியே மேலே துள்ளி வந்து, பத்து எண்ணுவதற்குள் சிவந்தால் அதிகம் காய்ந்துவிட்டது. உள்ளே போய், சுற்றிலும் குமிழ் கட்டிக்கொண்டு, நிதானமாக மேலே வந்து, வெளுப்பாகவே கொஞ்ச நேரம் மிதந்தால் அதுதான் சரியான சூடு. சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு, 170 டிகிரி செல்சியஸ் ஒட்டி இருக்கும். புகை வருகிற வரை காயவிட்டுவிட்டீர்கள் என்றால் அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் காத்திருங்கள், அதன் மேலேயே போட்டுவிட்டுத் தீயைக் குறைப்பதில் பயனில்லை. தீ குறைந்தாலும் எண்ணெய் உடனே ஆறாது.

மாவை உருட்டாமல், விரல்களால் பிரித்துப் பிரித்து, எண்ணெய் முழுக்கப் பரவலாக உதிர்த்துப் போடுங்கள். வாணலியில் பாதி இடம் காலியாகத் தெரிய வேண்டும். போட்டதும் முதல் அரை நிமிடம் கரண்டி வைக்காதீர்கள், மாவு பிடிப்பதற்கு முன் கிளறினால் வெங்காயம் தனியாகவும் மாவு தனியாகவும் பிரிந்துவிடும். போடும்போது தீ கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும், ஏனென்றால் ஈரமான மாவு எண்ணெயின் சூட்டை இழுக்கிறது. ஒரு நிமிடத்தில் நடுத்தரத் தீக்கு வந்துவிட வேண்டும், அப்புறம் எடுக்கப் போகிற வரை அதே தீ.

இதற்குமேல் நிறத்தைப் பார்ப்பதைவிடச் சத்தத்தைக் கேளுங்கள். அந்தச் சலசலப்பு எல்லாம் வெங்காயத்திலும் மாவிலும் இருக்கிற தண்ணீர் ஆவியாகி வெளியேறுகிற சத்தம். தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்வரை அந்த இடத்தின் சூடு நூறு டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது, அதனால் நிறமும் ஏறாது, மொறுமொறுப்பும் வராது. சத்தம் படிப்படியாக அடங்கி, பெரிய குமிழ்கள் போய்ச் சின்னச் சின்ன குமிழ்கள் மட்டும் நிற்கும்போது உள்ளே வெந்துவிட்டது, ஈரமும் போய்விட்டது. நான் சொன்ன அளவில், ஓர் ஈட்டுக்கு நான்கு, ஐந்து நிமிடம் ஆகும். ஒன்றரை நிமிடத்திலேயே பொன்னிறமாகி, ஆனால் சலசலப்பு இன்னும் பலமாக இருக்கிறது என்றால் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது, உள்ளே பச்சையாகத்தான் இருக்கும். ஐந்து நிமிடமாகியும் வெளுப்பாகவே இருந்தால் எண்ணெய் ஆறிப்போய்விட்டது, அல்லது அதிகமாகப் போட்டுவிட்டீர்கள். எங்கள் வீட்டில் நான் பக்கோடா போடக் கற்றுக்கொண்டபோது அம்மா அடுப்படிக்குக்கூட வரமாட்டார், கூடத்தில் இருந்தபடியே சத்தம் அடங்கியது கேட்டு "இப்ப எடு" என்பார். நானும் இன்றுவரை அப்படித்தான் எடுக்கிறேன்.

நினைத்த நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே எடுத்துவிடுங்கள், வெளியே வந்த பிறகும் உள்சூட்டில் இன்னும் கொஞ்சம் சிவக்கும். எடுக்கிற அந்த அரை நிமிடம்தான் எண்ணெய் விஷயத்தில் முக்கியம். பொரியும்போது ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் உள்ளே போக வழியில்லை. எடுத்து ஆற ஆரம்பித்ததும் உள்ளே இருக்கிற ஆவி சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே கடைசிப் பத்து நொடி தீயைக் கூட்டி, கண் கரண்டியில் அள்ளி, வாணலிக்கு மேலேயே பிடித்து நன்றாக உதறி, சூடாக இருக்கும்போதே எண்ணெயை வடியவிடுங்கள். அப்புறம் ஓட்டை உள்ள வடிதட்டில் பரப்புங்கள். தட்டில் குவித்தாலோ, ஹாட்பாக்ஸில் போட்டு மூடினாலோ, தன் ஆவியிலேயே வியர்த்து நமுத்துவிடும். இரண்டாவது ஈடு போடுமுன் எண்ணெய் மறுபடி காயட்டும், மிதக்கிற தூளையும் அரித்து எடுத்துவிடுங்கள், அது கருகி அடுத்த ஈட்டில் ஒட்டிக் கசக்கும்.

பஜ்ஜிக்கு எண்ணெய்ச் சூடு இதே அளவுதான், மாவுதான் வேறு. அங்கே தண்ணீர் விட்டே தீர வேண்டும், ஆனால் தோசை மாவைவிட ஒரு பிடி கெட்டியாக. வாழைக்காயை முக்கி எடுத்தால் மாவு காயை மறைக்க வேண்டும், பாத்திர விளிம்பில் ஒரு தடவை வழித்துவிட்டால் சொட்டக் கூடாது. அதற்குமேல் கெட்டியானால், காயை ஒட்டிய உள் மாவு வேகாமல் பசையாக நிற்கும், நீங்கள் பார்க்கிற பச்சை மாவு அதுதான். காயை இரண்டு ரூபாய் நாணயக் கனத்துக்குச் சீவுங்கள், நறுக்கித் தண்ணீரில் போட்டு வைத்திருந்தால் துணியில் ஒற்றி எடுத்த பிறகே முக்குங்கள், ஈரக் காயில் மாவு பிடிக்காமல் எண்ணெயில் கழன்றுவிடும். சோடா மாவு இங்கே ஒரு சிட்டிகை சேரலாம், மாவு உப்பி உள்ளே சூடு போக வழி செய்யும், ஆனால் ஒரு கப் மாவுக்கு ஒரு சிட்டிகைதான். முதல் பஜ்ஜியை மட்டும் தனியாகப் போட்டுப் பிட்டுப் பாருங்கள், காய் கடினமாக இருந்தால் சீவலை மெல்லிசாக்குங்கள், காய் வெந்து மாவு பசையாக இருந்தால் மாவில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள்.