கன்றிப்போகும் தொடையும் கசிந்த பல்லும்

அன்புள்ள டாக்டர்,

வயது 33, பெங்களூரு ஹலசூரில் இருக்கிறேன். கல்லூரிக் காலத்திலிருந்தே தொடையிலும் மேல்கையிலும் ரூபாய் அளவில் நீலமாகக் கன்றிப்போகும். இடித்துக்கொண்ட ஞாபகமே இருக்காது. பயந்துபோய் எழுபது டெஸ்ட் உள்ள பேக்கேஜ் எடுத்தேன். பிளேட்லெட் 2.4 லட்சம், ஃபெரிட்டின் மட்டும் 8. போன வருடம் கடைவாய்ப்பல் பிடுங்கியபோது மறுநாள் வரை ரத்தம் கசிந்தது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன். வைட்டமின் கே வாங்கிச் சாப்பிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேண்டாம். கீரையும் காயும் சாப்பிடுகிற, குடலும் ஈரலும் நன்றாக இருக்கிற பெரியவர்களுக்கு வைட்டமின் கே குறைவது அபூர்வம். மாத்திரைப் பேச்சு இத்தோடு போதும்.

தொடை, மேல்கை, ரூபாய் அளவு, ஒன்றிரண்டு: இவ்வளவுதான் என்றால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. பெண்களுக்கு இது சகஜம். கட்டில் முனையிலும் சாப்பாட்டு மேஜையிலும் இடிப்பதை மனம் குறித்துவைப்பதில்லை. வயதானவர்களுக்கு முன்கையில் ஊதா நிறத் திட்டுகள் வருவது வெயிலில் மெலிந்துபோன தோலால். ஆஸ்பிரின் சாப்பிட்டால், காயத்தை அடைக்கிற பிளேட்லெட் தன் ஆயுள் முழுக்க, அதாவது ஏழு முதல் பத்து நாள் வரை, சரியாக ஒட்டாது. அதற்காக இதயத்துக்குக் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

முதுகிலும் வயிற்றிலும் அடிபடாமலே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றினால் கதை வேறு. கணுக்காலில் ஊசி முனைச் சிவப்புப் புள்ளிகள் வந்து, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாமல் இருந்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, கூடவே காய்ச்சல் இருந்தாலோ அன்றைக்கே ரத்த அணுக்கள் எண்ணிக்கையும், ரத்தத் துளியை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற ஸ்மியரும் பார்க்க வேண்டும்.

இப்போது உங்களை ஒரு திட்டு திட்டலாமா? கடிதத்திலேயே முக்கியமான வரியை எழுதிவிட்டு, அடுத்த மூச்சில் 'சம்பந்தம் இருக்காது' என்று நீங்களே தள்ளிவிட்டீர்கள். எழுபது டெஸ்டுக்குக் காசு கட்டினீர்களே, அந்த எழுபதில் ஒன்றாவது 'பல் பிடுங்கினால் எவ்வளவு நேரம் ரத்தம் வரும்?' என்று கேட்டதா? உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் 8 என்று மிகக் குறைவாக வந்திருக்கிறது. அந்த இரும்பு எங்கே போனது? மாதவிடாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாப்கின் மணிக்கொரு தரம் நனைகிறதா? ஒரு அங்குலத்துக்கு மேல் கட்டி விழுகிறதா? ஏழு நாளைத் தாண்டுகிறதா? 'எங்க வீட்ல எல்லாருக்கும் அப்படித்தான்' என்பீர்கள். வீட்டில் எல்லாருக்கும் அப்படி என்றால் அதுதான் துப்பு, அம்மா. இது பரம்பரையாக வரும்.

1926-இல் பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட், ஓலாந்து தீவுகளில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். ரத்தம் நிற்காத குடும்பம். அதில் ஒரு சிறுமி பதின்மூன்று வயதில், மாதவிடாய் ரத்தப்போக்கிலேயே இறந்துபோனாள். அந்த நோய்க்கு இன்று அவர் பெயர்தான். காயம்பட்ட இடத்தில் பிளேட்லெட்டை ஒட்டவைக்கிற பசை மாதிரி ஒரு புரதம் ரத்தத்தில் இருக்கிறது. அது குறைவாகவோ சரியில்லாமலோ இருப்பதுதான் நோய். எண்ணிக்கையில் குறை இல்லாததால் உங்கள் 2.4 லட்சம் இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. ரத்தம் உறையும் நேரம் பார்க்கிற பிடி, ஏபிடிடி இரண்டையும் செய்ய வேண்டியதுதான். ஆனால் லேசான வான் வில்லிபிராண்டில் அவையும் இயல்பாகவே வரலாம்.

ஆகவே ரத்தநோய் மருத்துவரைப் பாருங்கள். அந்தப் புரதத்தின் அளவைக் காட்டுகிற வான் வில்லிபிராண்ட் ஆன்டிஜென், அதன் செயல்திறன், ரத்தம் உறைய உதவுகிற ஃபேக்டர் எட்டு: இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்பார். காய்ச்சல், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, படியேறி மூச்சுவாங்க வந்து உட்கார்வது எல்லாமே இந்தப் புரதத்தை உயர்த்திக் காட்டும். ஒரு தரம் இயல்பு என்று வந்தால் விட்டுவிடாமல் மறுபடி எடுக்கச் சொல்வதும் அதனால்தான். ஓ வகை ரத்தம் உள்ளவர்களுக்கு இயற்கையிலேயே கொஞ்சம் குறைவாக இருக்கும். இந்தப் புரதம் 30 சதவீதத்துக்குக் கீழே வந்தால் நோய் உறுதி. 30-க்கும் 50-க்கும் இடையில் வந்தால், ரத்தம் நிற்காத வரலாறு இருக்கிறவருக்கு அதையும் நோயாகவே எடுத்துக்கொள்வார்கள். இந்த டெஸ்டுகளுக்கு ரத்தம் எடுக்கிற நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும். குறைந்தால் உறையும் நேரம் பொய்யாக நீளும். வீட்டுக்கு வந்து எடுக்கிறவர் குழாயை ஐஸ் பெட்டியில் வைத்தால் இந்தப் புரதம் பொய்யாகக் குறையும். லேபுக்கே போய்க் கொடுங்கள்.

அதுவரை மாதவிடாய் வலிக்கு மெஃபெனமிக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் வேண்டாம், பாராசிட்டமால் போதும். இரும்பு மாத்திரைக்கு முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, மருத்துவரிடம் கேட்டு இப்போதே தொடங்கலாம். அடுத்த பல்லைப் பிடுங்க நாற்காலியில் உட்காரும் முன் இந்தக் கசிவைப் பல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நோய் உறுதியானால் டிரனெக்ஸாமிக் ஆசிட், ஆள் பார்த்து டெஸ்மோபிரெசின் என்று முன்கூட்டியே கொடுக்க மருந்துகள் இருக்கின்றன. பிரசவமோ ஆபரேஷனோ வந்தாலும் இதே பேச்சுத்தான்.