அலுமாரி வழுக்குமா, கவிழுமா? கை வைக்கும் உயரம் பற்றிய கேள்விகள்

வெள்ளவத்தை: அண்ணா, பழைய மாடி வீடொன்றுக்கு வாடகைக்கு வந்திருக்கிறோம். சொரசொரப்பான சீமெந்து நிலம். அலுமாரி அறை நடுவிலே நிற்குது, எதிர்ச் சுவரடிக்குத் தள்ள வேணும். நெஞ்சு உயரத்திலே கை வைத்துத் தள்ளினால் நகராமல் தலை சாயுது. உயரம் 180 சென்ரிமீற்றர், ஆழம் 45, அகலம் 90. சாமானோடு 80 கிலோ வரும். எங்கே கை வைக்கிறது?

முழங்காலுக்குக் கீழே, தங்கச்சி.

நீங்கள் தள்ளும்போது அலுமாரிக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நிலத்தின் பிடி விட்டு வழுக்குவது. மற்றது, உங்களுக்கு எதிர்ப்பக்கத்து அடி விளிம்பில் பிணைச்சல் போட்ட கதவு மாதிரித் திரும்பிச் சாய்வது. எதற்குக் குறைந்த விசை போதுமோ அதுதான் முதலில் நடக்கும்.

வழுக்குவதற்கான விசை கை வைக்கும் உயரத்தைப் பொறுத்ததில்லை. அந்த மாதிரி நிலத்தில் உராய்வுக் குணகம் 0.6 என்று வைத்தால் 80 கிலோவில் 48 கிலோ விசை வேண்டும். சாய்ப்பதற்கான விசையோ உயரம் ஏற ஏறக் குறையும். அலுமாரியின் பாரம் அந்த எதிர் விளிம்பிலிருந்து ஆழத்தில் பாதி, அதாவது 22.5 சென்ரிமீற்றர் தள்ளி நிற்கிறது. 80-ஐ 22.5-ஆல் பெருக்கிக் கை உயரத்தால் வகுத்தால் சாய்க்கும் விசை வரும். நெஞ்சு உயரம் 130 என்றால் 14 கிலோ போதும். நிலம் 48 கேட்கும்போது 14-இலேயே அடி கிளம்பிவிடும், உங்களுக்கு நடந்தது அதுதான். 60-இல் 30 கிலோ, அங்கேயும் சாயும். 20-இல் சாய்க்க 90 வேண்டும், அதற்கு முன்பே 48-இல் வழுக்கிவிடும். இரண்டும் சமமாகும் உயரம் 37.5. பிழை விட இடம் வைத்து 30-க்குக் கீழேயே கையை வையுங்கள்.

உயர்தர மாணவன், கொழும்பு 13: சேர், பாரம் கூடினால் கவிழ்ப்பது கஷ்டம்தானே? புத்தகங்களைக் கீழ்த்தட்டிலே அடுக்கினால் புவியீர்ப்பு மையம் இறங்கும். பிறகு மேலே பிடித்தும் தள்ளலாம்தானே?

பாதி சரி, தம்பி. சாய்க்கும் விசை கூடும், ஆனால் வழுக்கும் விசையும் அதே விகிதத்தில் கூடும். நீங்களே இரண்டையும் சமப்படுத்திப் பாருங்கள், நிறை வெட்டுப்பட்டுப் போகும்:

```
h = b / (2μ)
```

h இரண்டும் சமமாகும் கை உயரம், b ஆழம், μ உராய்வுக் குணகம். இதில் நிறையும் இல்லை, புவியீர்ப்பு மையத்தின் உயரமும் இல்லை. கிடையாகத் தள்ளும்போது சாய்வு *தொடங்குவதை* புத்தகங்கள் தடுக்காது. பரீட்சையில் மையத்தின் உயரத்தைத் தந்துவிட்டு அது தேவைப்படாத கணக்குப் போடுவது ஆசிரியர்களுக்குப் பிடித்த குறும்பு.

நீங்கள் சரியாகச் சொன்ன பாதி அடி கிளம்பிய பிறகு வருகிறது. மையம் 90 சென்ரிமீற்றரில் இருந்தால் ஏறத்தாழ 14 பாகை சாயும்வரை விட்டால் திரும்பி வந்து நிற்கும், அதைத் தாண்டினால் போய்விடும். 60-க்கு இறக்கினால் 20 பாகைக்கு மேல் தாங்கும். ஆகவே புத்தகங்களைக் கீழேயே வையுங்கள், ஆனால் அந்தத் துணிவில் கையை மேலே கொண்டு போக வேண்டாம்.

தெமட்டகொடை: 0.6 எங்கேயிருந்து வந்தது? எங்கள் வீட்டு நிலத்துக்கு அது எத்தனை என்று எப்படிப் பார்க்கிறது?

சீமெந்துக்குச் சீமெந்து மாறும், நான் போட்டது ஒரு மதிப்பு. உங்கள் வீட்டுக்கு அலுமாரியே தராசு. நீங்கள் நிற்கும் பக்கத்து அடியில் ஒரு கடதாசித் துண்டைச் செருகுங்கள், கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கட்டும். அலுமாரிப் பக்கத்தில் அடியிலிருந்து 5 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாகச் சோக்கால் கீறுங்கள். கீழ்க் கோட்டிலிருந்து தொடங்கி, திடீரென்று உந்தாமல் மெதுவாக விசையைக் கூட்டித் தள்ள வேண்டும். கீழே உள்ள கோடுகளில் அலுமாரி நகரும், கடதாசி நெரிபட்டே கிடக்கும். ஏதோ ஒரு கோட்டில் அலுமாரி நகராமலேயே கடதாசி இழுக்கக் கழன்று வரும். அந்த உயரம் 40 என்றால் 22.5-ஐ 40-ஆல் வகுக்க 0.56. தள்ளும்போது எதிர்ப்பக்கத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது.

கால் வைத்த அலுமாரி என்றால் ஆழத்தைப் பெட்டியில் அளக்காதீர்கள், கால்களின் வெளி விளிம்புக்கிடையில் அளவுங்கள். 45 பெட்டிக்குக் கால்கள் உள்வாங்கி 40 இருப்பது சாதாரணம். 0.6 நிலத்தில் 37.5 அப்போது 33 ஆகிவிடும்.

கொட்டாஞ்சேனை: நான் பதிவாகத்தான் தள்ளினேன். நல்லா வழுக்கிக்கொண்டு போனது. நடையிலே உயர்ந்து நின்ற ஒரு டைல்ஸ் விளிம்பிலே கால் முட்டி, ஆள் தலைகுப்புற. கண்ணாடிக் கதவு சுக்குநூறு. செய்தவன் அடியைப் பாரமில்லாமல் செய்ததுதான் பிழை.

செய்தவரை விடுங்கள். ஓடிக்கொண்டிருந்த அலுமாரியின் காலை விளிம்பு பிடித்தவுடன் உராய்வுக் கணக்கு முடிந்துவிட்டது. கால் நின்றது, மேலே இருந்த பாரம் வந்த வேகத்திலேயே முன்னுக்குப் போனது. நீங்கள் எந்த உயரத்தில் தள்ளினீர்கள் என்பதற்கு அங்கே பெரிய வேலையில்லை. வெள்ளவத்தை அலுமாரி அளவில், பாரம் மேலும் கீழும் சமமாகப் பரந்திருந்தால், விநாடிக்கு 0.9 மீற்றர் வேகத்தில் முட்டினாலே கவிழ்ந்துவிடும். அது ஆறுதலான நடை வேகம். அடி பாரமாக இருந்திருந்தால் கொஞ்சம் உதவியிருக்கும் என்பது உண்மை.

கதவு திறந்தபடி ஆடிக்கொண்டிருந்ததா? 8 கிலோக் கதவு இரண்டும் முன்னுக்கு நேராகத் திறந்து நின்றால் மொத்தப் பாரமும் 4.5 சென்ரிமீற்றர் முன்னுக்கு வரும். பின்னாலிருந்து தள்ளும்போது 22.5 மிச்சமில்லை, 18-தான். 37.5 உயரம் 30-க்கு இறங்கிவிடும். கயிறு சுற்றிக் கட்டிவிட்டுத் தள்ளுங்கள்.

தெஹிவளை: எனக்கு வயது அறுபத்திரண்டு. முழங்காலுக்குக் கீழே குனிந்தால் நாரி பிடித்துவிடும். பாரம் குறையத் தெரிகிற உயரத்தைச் சொல்லுங்கோ.

அக்கா, வழுக்க வைக்கும் விசை எந்த உயரத்திலும் ஒன்றுதான். மேலே பிடிக்கும்போது இலேசாகத் தெரிவது அது சாய்வதால்தான்.

உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. முகப்பில் தள்ளாமல் பக்கவாட்டில் தள்ளுங்கள். அப்போது கணக்கில் வருவது 90 அகலம், எல்லை 75 சென்ரிமீற்றருக்கு ஏறும். தொடை உயரம், குனியத் தேவையில்லை. தட்டுகளை வெறுமையாக்கி 50 கிலோவுக்குக் கொண்டு வந்தால் 48 கிலோ விசை 30 ஆகும். உயர எல்லை மட்டும் அப்படியே இருக்கும். அந்த 30-க்கும் இளம் பிள்ளை ஒருவரைக் கூப்பிடுங்கள்.

வெள்ளவத்தை (மறுபடியும்): 25-இலே வைத்துத் தள்ள வழுக்குது அண்ணா. ஆனால் இழுபடுகிற சத்தத்துக்குக் கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்துவிட்டார். ஈரச் சாக்குப் போடு என்கிறார் பாஸ். போடலாமா?

மெழுகின சிவப்புச் சீமெந்தில் சாக்கு நன்றாக ஓடும், நானே போட்டிருக்கிறேன். குணகம் 0.3-க்கு வந்தால் உங்கள் எல்லையும் 75-க்குப் போகும். சொரசொரப்பில் சணல் நார் கொழுவிக்கொள்ளும் என்பது என் எண்ணம், பாஸ்மார் பலர் இல்லை என்பார்கள். ஈரம் உதவுமா கெடுக்குமா என்பதிலும் எங்களுக்குள் வழக்கு முடியவில்லை. கடதாசிச் சோதனையை முதலில் சாக்கில்லாமலும் பிறகு சாக்கோடும் செய்து இரண்டு உயரத்தையும் எழுதுங்கள். எப்படிப் போட்டாலும் முன் காலுக்கு முன்னால் சாக்குச் சுருண்டு திரள விடாதீர்கள், கொட்டாஞ்சேனைக்காரரின் டைல்ஸ் விளிம்பு செய்த வேலையை அதுவும் செய்யும்.