கட்டைவிரலும் கதிரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,
என் தாத்தா வீட்டில் கட்டம் போட்ட சாரம்தான் கட்டுவார். கெய்லாங் செராய் கடைக்காரர் அதை ‘காயின் பெலேகாட்’ என்றார். பழவேற்காட்டிலிருந்து வந்த பெயராமே? உலகத்துக்கே துணி விற்ற நாம் எப்படித் தோற்றோம்? வெள்ளைக்காரன் நெசவாளிகளின் கட்டைவிரலை வெட்டியதால்தான் என்று பள்ளியில் படிக்கும் மகனிடம் சொல்லியிருக்கிறேன். சரிதானே?
ர., யீஷூன்

அன்புள்ள ர.,

பெயர் சரி. கட்டைவிரல் கதையை மட்டும் மகனிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த வில்லியம் போல்ட்ஸ் 1772இல் எழுதிய நூலில் வருவது வங்காளத்தில் பட்டு நூல் சுற்றியவர்களைப் பற்றிய செய்தி. கட்டாய வேலைக்குப் பிடிபடாமலிருக்கத் தங்கள் கட்டைவிரல்களைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள் என்கிறார். கொடுமை அதிலும் குறைவில்லை. ஆனால் பருத்தியின் வீழ்ச்சிக்கு அது விடையாகாது. விடையைத் தேட நம் சிங்கப்பூர் நல்ல இடம்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டியது துணிக்காகத்தான். மலுக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமென்றால் வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலத் துணிதான் எளிதாகச் செல்லும். எந்தத் தீவுக்காரர் எந்தக் கரை, எந்தச் சிவப்பு கேட்பார் என்பதெல்லாம் தறிக்காரருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நிறம் தப்பினால் சரக்கு அப்படியே தேங்கிவிடும்.

அந்தச் சிவப்பின் ரகசியம் சாயவேர். இம்பூறல் என்றும் சொல்வார்கள். சித்திரம் எழுதும் துணி என்றால், முதலில் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். பாலிலுள்ள கொழுப்பு, மேலே தீட்டும் படிகாரக் கரைசல் கசிந்து பரவாமல் தடுக்கும். பிறகு சாயவேர்க் கொதிநீரில் போட்டால் படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஊன்றிக்கொள்ளும். மற்ற இடங்களில் ஒட்டிய சாயம், சாணநீரிலும் வெயிலிலும் மாறி மாறிப் போடப் போட வெளுத்துவிடும். ஊன்றிய சிவப்போ எத்தனை வெளுப்புக்கும் அசையாது.

இங்கிலாந்துத் துணிக்கு முதலில் இந்த வித்தை கைவரவில்லை. ஜாவா பற்றி 1817இல் வெளியிட்ட நூலில் ராஃபிள்ஸே இதைச் சொல்கிறார் (ஆற்றங்கரையில் சிலையாக நிற்கிறாரே, அவர்தான்). ஜாவா, மலாய்க் கோலங்களைப் பார்த்து அச்சடித்த இங்கிலாந்துத் துணி முதல் விற்பனையில் நல்ல விலைக்குப் போனது. அடுத்த விற்பனைக்குள் சாயம் நிற்காது என்று மக்கள் கண்டுகொண்டார்கள். மீதிச் சரக்கைக் கேட்க ஆளில்லை.

ஆனால் 1830களில் சிங்கப்பூர்ச் சந்தையில் இங்கிலாந்துத் துணி இந்தியத் துணியை முந்திவிட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூர் தொடக்கத்திலிருந்தே சுங்கமில்லாத் துறைமுகம். இங்கிலாந்துக்குள் கதை வேறு. 1721 சட்டம் பருத்தித் துணிகளில் பெரும்பாலானவற்றை உடுத்தவே தடை போட்டது, பின்னாளிலும் இந்தியத் துணிமீது கடும் வரி இருந்தது. அந்த மதிலுக்குள்தான் அவர்களின் பருத்தித் தொழில் வளர்ந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே நம் நாகூர், நாகப்பட்டினத்து வியாபாரிகளும் கிளாஸ்கோ துணி விற்றவர்களும் ஒரே தரையில் கடை போட்டவர்கள். வரி மட்டுமே காரணமென்றால் இங்கே நாம் தோற்றிருக்கக் கூடாது.

தோற்றது தறியில் அல்ல, அதற்கு முந்திய நூற்பில். நயமான நூலாக 100 பவுண்டு பஞ்சை இந்தியாவில் கையால் நூற்க ஏறத்தாழ 50,000 மணி நேரம் ஆகும் என்பது பொருளாதார வரலாற்றாசிரியர்களின் கணக்கு. ஒரு பெண் நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று உட்கார்ந்தாலும் இருபது வருஷ வேலை. சாமுவேல் கிராம்ப்டன் 1779இல் செய்த ‘மியூல்’ எந்திரம் அதை 2,000 மணி நேரமாக்கியது, அதாவது ஒரு வருஷத்துக்கும் குறைவு. 1795 வாக்கில் 300 மணி நேரம், நாற்பது நாள்கூட இல்லை. பஞ்சைக் கப்பலேற்றிக் கொண்டுபோய், நூற்று நெய்து, திரும்ப இங்கே கொண்டுவந்து விற்றாலும் கட்டுபடியானது இதனால்தான். கையால் நூற்றவர் எவ்வளவு குறைந்த கூலிக்கு உழைத்தாலும் அந்த விலையோடு மோதுவது கடினம் என்ற நிலை வந்தது.

ஆகவே முதல் அடி விழுந்தது தறிக்காரர் மேல் அல்ல. வீட்டுத் திண்ணையில் கதிரும் ராட்டையுமாக இருந்த பெண்கள் மேல். விதவைகளுக்கு அதுதான் பிழைப்பு. அவர்களைப் பற்றி யாரும் கட்டைவிரல் கதை சொல்லவில்லை. தறிக்காரர்களில் பலர் மலிவான மில் நூலை வாங்கிப் பாவோட்டித் தொடர்ந்து நெய்தார்கள். பெலேகாட் பிழைத்ததும் அப்படித்தான்.

தாத்தாவின் சாரம் இன்னும் வீட்டில் இருந்தால் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கட்டம் ஒரே அடர்த்தியில் இருந்தால் நூலுக்குச் சாயமிட்டு நெய்தது. ஒரு பக்கம் வெளிறியிருந்தால் அச்சடித்தது. முதல் வகையாகவே இருந்தாலும், நூல் மில்லில் நூற்றதாகத்தான் இருக்கும்.