ஆங்கிலத்தில் இனி நடக்கப்போவதைச் சொல்ல வில்லா, கோயிங் டுவா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

‘டுமாரோ ஐ வில் கோ டு மதுரை.’ இது சரியா, தப்பா?

சூழலை எழுதாமல் வாக்கியத்தை மட்டும் அனுப்பினால் எப்படிச் சொல்வது? போன மாதமும் இதையேதான் சொன்னேன். டிக்கெட் எடுத்து, பையும் கட்டியாகிவிட்டது என்றால் இங்கே வில் பொருந்தாது. ‘ஐ ஆம் கோயிங் டு மதுரை டுமாரோ’ என்பதே இயல்பு. “மதுரைக்கு யாராவது போகணுமே” என்று ஒருவர் சொல்ல, நீங்கள் அந்த நொடியில் “சரி, நான் போறேன்” என்றால் ‘ஐ வில் கோ’ சரி. முடிவு எப்போது எடுத்தது என்று முதலில் பாருங்கள்.

அந்த ‘முடிவு எப்போது’ என்பதை ஓர் உதாரணத்தோடு விளக்குங்களேன்.

அம்மா, “சர்க்கரை தீர்ந்துபோச்சு” என்கிறார். உங்களுக்கு அது அப்போதுதான் தெரிகிறது என்றால் ‘ஐ வில் பை சம்’. காலையிலேயே காலி டப்பாவைப் பார்த்து, சாயந்திரம் வாங்குவதாக மனதில் வைத்திருந்தீர்கள் என்றால் ‘ஐ நோ, ஐ ஆம் கோயிங் டு பை சம்’. முதல் பதிலில் ‘ஐ நோ’ சேர்த்துப் பாருங்கள், ஒட்டாது. ஏற்கெனவே தெரியும் என்கிறீர்கள், முடிவை மட்டும் இப்போதுதான் எடுப்பதுபோல் பேசுகிறீர்கள். இன்னொன்று: கனமான பையோடு படியேறும் ஒருவரிடம் ‘ஐ ஆம் கோயிங் டு கேரி இட்’ என்றால் உதவ முன்வருவதாகக் கேட்காது, முடிவை அறிவிப்பதுபோல் இருக்கும். அங்கே வில்தான்.

24 மணி நேரத்துக்குள் நடப்பதற்கு கோயிங் டு, அதற்கு மேல் வில் என்று என் மகளின் கைடில் இருக்கிறது. அதன்படி எழுதலாமா?

வேண்டாம். இந்த விதியால் எத்தனை பிள்ளைகள் மதிப்பெண் இழக்கிறார்கள் என்று பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ‘ஐ ஆம் கோயிங் டு பி எ டாக்டர்’ என்கிறாள். நடக்கப் பத்து வருஷம் ஆகும், வாக்கியத்தில் தப்பே இல்லை. கதவு தட்டப்படுகிறது, ‘ஐ வில் ஓபன் இட்’ என்கிறோம். இரண்டு நொடியில் நடக்கப்போகும் காரியம், அங்கேயும் வில்தான் சரி. தூரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கணிப்பு வாக்கியங்களில் இதைவிடப் பெரிய அநியாயம் நடக்கிறது. என்னிடம் படிக்கும் ஒரு மாணவியின் விடைத்தாளில் ‘ஐ திங்க் இட் இஸ் கோயிங் டு ரெயின் டுமாரோ’ என்பதைச் சிவப்பு மையில் அடித்து, மேலே ‘வில்’ என்று எழுதியிருந்தார்கள். ‘ஐ திங்க்’ வந்தால் வில் மட்டும்தான் என்று யாரோ மனப்பாடம் செய்துவைத்த விதி அது. இங்கே இரண்டுமே சரி. சூழல் இல்லாத கணிப்பைக் கோடிட்ட இடமாகக் கொடுத்து, ஒரே விடைதான் என்று திருத்துவது கேள்வி தயாரித்தவரின் தப்பு.

உண்மையில் வில் தப்பாகும் இடம், கண்முன்னே அடையாளம் தெரியும்போது. அடுப்பில் பால் விளிம்புவரை ஏறிவிட்டது. “பால் பொங்கப் போகுது!” என்று கத்துவோம், “பால் பொங்கும்!” என்று யாரும் கத்துவதில்லை. ஆங்கிலத்திலும் அப்படியே: ‘த மில்க் இஸ் கோயிங் டு பாயில் ஓவர்!’ அதுவே “கவனிக்காம விட்டா பொங்கிடும்” என்று நிபந்தனையோடு சொன்னால் வில் வந்துவிடும். நம் ‘போகிறது’ இந்த இடத்தில் நல்ல வழிகாட்டி. கர்ப்பமாக இருப்பவரைப் பற்றி ‘ஷீ இஸ் கோயிங் டு ஹேவ் எ பேபி’ என்பதும் இதே காரணத்தால்தான்.

‘டெய்லி ஐ வில் கெட் அப் அட் ஃபைவ்’ என்று எழுதியதைத் தலைமையாசிரியர் அடித்துவிட்டார். ஏன்?

அவர் செய்தது சரி. தமிழில் “தினமும் அஞ்சு மணிக்கு எழுந்திரிப்பேன்” என்பது பழக்கத்தையும் சொல்லும். அதை அப்படியே வில்லாக மாற்றிவிட்டீர்கள். ‘ஐ கெட் அப்’ என்று எழுதுங்கள். ‘போகிறது’ கைகொடுப்பதுபோல ‘-வேன், -ப்பேன்’ எப்போதும் கைகொடுக்காது.

‘இஃப் இட் வில் ரெயின், ஐ வில் ஸ்டே’?

முதல் வில்லை எடுத்துவிடுங்கள்: ‘இஃப் இட் ரெயின்ஸ்’. ‘வென்’ வந்தாலும் இதேதான்: ‘வென் ஐ ரீச், ஐ வில் கால் யூ’.

‘ஐ ஆம் கோயிங் டு கோ’ என்று இரண்டு முறை ‘போ’ வருவது தப்புதானே?

தப்பில்லை. ‘ஐ ஆம் கோயிங்’ என்று சுருக்கினால் போதும் என்பதால் பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

கோயிங் டு என்பது பேச்சு வழக்கு, கட்டுரையில் எழுதக் கூடாது என்கிறாரே எங்கள் டியூஷன் சார்?

ஆங்கிலத்தில் அது சுமார் 500 வருஷமாக இருக்கிறது. அலுவலகக் கடிதம், அறிவிப்பு போன்றவற்றில் வில் அதிகம் வரும், உண்மைதான். அதற்காகக் கட்டுரையில் கோயிங் டு எழுதினால் பிழையாகிவிடாது. பேச்சில் சுருக்குவதுபோல ‘கானா’ என்று எழுதாமல் இருந்தால் சரி.

‘த பைக் வில் நாட் ஸ்டார்ட்’ என்றால் நாளைக்கு ஸ்டார்ட் ஆகாது என்று அர்த்தமா?

இல்லை. இப்போதுதான். “வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது” என்று, அது அடம்பிடிப்பதுபோலச் சொல்கிறோமே, அதே பொருள். இங்கே கோயிங் டு போட்டால் இந்தப் பொருள் வராது.